வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்: சித்தப்பா எழுதியது, வக்கீல் எழுதுவது, கடைசியில் நாங்கள் கொடுத்தது

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கோர்ட்டும் அங்கேயே இருப்பதால் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுப்பா" என்று வருவார்கள். கொண்டு வருகிற கையெழுத்துப் பிரதியைப் படித்தால் பாதிக்குப் பாதி கோபம்தான் இருக்கும், தேதி இருக்காது. இது வரைக்கும் வந்ததை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவேன். இந்த பிப்ரவரியில் என் சித்தப்பாவே ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார், அதை மட்டும் அப்படியே அடிக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன மாதிரி அனுப்பலாம் என்று நாலு வழியை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்களில் வீட்டுக்காரரும் இருப்பீர்கள், குடித்தனக்காரரும் இருப்பீர்கள், இரண்டு பேருக்கும் உபயோகப்படும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் லீஸ் என்றால் ஐந்து லட்சம், ஏழு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, அதாவது போக்கியம். நான் சொல்லப் போவது அது இல்லை. மாச வாடகைக்கு எழுதின ஒப்பந்தத்தைப் பற்றி.

விவரம் இதுதான். சித்தப்பா வீட்டு மாடியில் இரண்டு வருஷமாக ஒரு குடும்பம். குடும்பத் தலைவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, அவர் மனைவி நர்ஸ், பையன் ஐந்தாம் வகுப்பு, கூட வயசான அம்மா. வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. ஒப்பந்தம் 2024 மே 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை. அதில் ஒரு வரி இருந்தது, அதைச் சித்தப்பா மறந்தே போயிருந்தார்: காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, புதுப்பிக்கிறோமா இல்லையா என்பதை ஒருவருக்கொருவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நல்ல வேளையாக ஒப்பந்தத்தை அப்போதே `www.tenancy.tn.gov.in` தளத்தில் பதிவு செய்து எண்ணும் வாங்கியிருந்தார்கள். இப்போது பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகள், அதாவது என் தங்கச்சி, புருஷன் பிள்ளைகளோடு வேலூருக்கே வந்துவிடப் போகிறாள். ஜூனில் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதனால் மாடி வீடு தேவை. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் சித்தப்பா எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் அந்தக் காரணம் ஆறாவது வரியில்தான் வந்தது. அது இப்படி இருந்தது:

"மாடி வீட்டில் குடியிருக்கும் உங்களுக்குத் தெரிவிப்பது. நீங்கள் வாடகையைச் சரியான தேதியில் கொடுப்பதில்லை. சுவரெல்லாம் ஆணி அடித்து நாசம் செய்திருக்கிறீர்கள். வாரா வாரம் விருந்தாளிகள் வந்து தண்ணீரைக் காலி செய்கிறார்கள். பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. எனக்கும் என் மகளுக்காக வீடு தேவைப்படுகிறது. ஆகையால் இன்னும் 15 நாளில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் மோட்டார் போடமாட்டேன், கரண்டைக் கட் செய்வேன், அட்வான்ஸில் இருந்து பெயிண்ட் அடிக்கவும் ரிப்பேருக்கும் பிடித்துக்கொள்வேன்."

மேலே தேதி இல்லை, கீழே கையெழுத்து இல்லை. "15 நாள் எங்கே இருந்து வந்துச்சு சித்தப்பா?" என்று கேட்டேன். "சட்டத்துலயே 15 நாள்னுதான்டா இருக்கு, எல்லாருக்கும் தெரியும்" என்றார். அது பாதி உண்மை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 106ஆம் பிரிவு, மாசத்துக்கு மாசம் என்று ஓடுகிற வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் சொல்கிறது. ஆனால் இருவருக்கும் இடையில் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோதுதான் அது. இங்கே ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறது, காலமும் ஏப்ரல் 30 வரை இருக்கிறது. பிப்ரவரி 20ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்து மார்ச் 7க்குள் போ என்றால், ஓடிக்கொண்டிருக்கிற ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதாகத்தான் ஆகும். மேலும் அந்தப் பையனுக்கு ஏப்ரலில் முழு ஆண்டுப் பரீட்சை. மார்ச் ஏழாம் தேதி மூட்டை கட்டச் சொன்னால் எந்தத் தகப்பனும் சண்டைக்குத்தான் வருவார், நானும் வருவேன்.

அடுத்தது காரணங்கள். நாலு காரணம் சொன்னால் நாலு மடங்கு பலம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், என் கடைக்கு வருகிற முக்கால்வாசி நோட்டீஸ் அப்படித்தான் இருக்கும். நடப்பது நேர்மாறு. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் வருஷத்து நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமல். அதில் 21ஆம் பிரிவுதான் வீட்டுக்காரர் எந்தெந்தக் காரணத்துக்காக வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்று சொல்கிறது. தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ குடியிருக்கத் தேவை என்பது அதில் ஒன்று. வாடகை பாக்கியும் ஒன்று, ஆனால் எட்டாம் தேதி கொடுக்க வேண்டியதைப் பதினைந்தாம் தேதி கொடுத்தார் என்பது அந்தப் பாக்கி ஆகாது. இரண்டு மாச வாடகை நின்றிருக்க வேண்டும், அதைக் கேட்டு எழுத்தில் ஒரு தனி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அது கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். மாடிக் குடித்தனக்காரர் ஒரு மாதம்கூட நிறுத்தினதில்லை, சித்தப்பாவே ஒப்புக்கொண்டார். ஆணியும் விருந்தாளியும் தனிக் காரணமாகப் பட்டியலில் கிடையாது. ஆக, உண்மையான, செல்லுபடியாகிற ஒரே காரணத்தைச் செல்லாத மூன்று காரணங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், நாளைக்குப் பஞ்சாயத்தோ கோர்ட்டோ என்று போகும்போது அந்தப் பக்கம் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், மகள் வருகிறாள் என்பது சாக்கு, அசல் விஷயம் தண்ணீர்ச் சண்டை என்று.

மோட்டார், கரண்ட் விஷயம் இன்னும் மோசம். அதே சட்டத்தில் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு மாதிரி அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று நேரடியாகவே இருக்கிறது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம், துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி, விசாரணை முடியும் முன்பே மறுபடி இணைப்பைக் கொடு என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஒரு மனு வந்தால் சித்தப்பா கையெழுத்தில் இருக்கும் அந்தக் காகிதமே அவருக்கு எதிரான சாட்சி. வேலூர் வெயிலில், வயசான அம்மா இருக்கிற வீட்டுக்கு மோட்டார் போடமாட்டேன் என்று எழுத்தில் கொடுப்பதை எந்த அதிகாரியும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சரி, இரண்டாவது வழி, எதுவும் எழுதாமல் வாயால் சொல்வது, அல்லது வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் போடுவது. சித்தி இதைத்தான் சொன்னாள். "நல்லாப் பழகுன மனுஷங்க, காயிதம் குடுத்தா மனசு கஷ்டப்படாதா?" என்று. அந்த மனசு நல்ல மனசு. முதலில் நேரில் பேசுவது அவசியம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பேச்சோடு நிறுத்தினால், எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிற எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரி நிறைவேறாது. ஏப்ரல் வந்ததும் நீங்கள் எப்போது சொன்னீர்கள், எந்தத் தேதி சொன்னீர்கள் என்பதிலேயே ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும். 106ஆம் பிரிவும் நோட்டீஸ் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. வாய்ஸ் மெசேஜில் கையெழுத்து ஏது?

மூன்றாவது, வக்கீல் நோட்டீஸ். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாடகை நாலு மாசமாக நிற்கிறது, ஆள் போனை எடுப்பதில்லை, வீட்டை வேறு யாருக்கோ உள்வாடகைக்கு விட்டுவிட்டார் என்கிற மாதிரி நிலைமையில் அதுதான் சரி, தாமதிக்காமல் போங்கள். பிரிவு எண், சொத்து விவரம், நாள் கணக்கு எல்லாம் பிசகாமல் இருக்கும். ஆனால் அதன் பாஷையைப் பாருங்கள், நான் தினமும் அடிக்கிறது: "எனது கட்சிக்காரர் கொடுத்த தகவலின்படியும் அறிவுறுத்தலின்படியும் தங்களுக்கு இந்த அறிவிப்பு அனுப்பப்படுகிறது... மேற்படி சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைக்கத் தவறும் பட்சத்தில் ஏற்படும் செலவு தொகைகளுக்கும் தாங்களே பொறுப்பாளி..." படிக்கிற குடித்தனக்காரருக்கு இரண்டே விஷயம்தான் புரியும், தன் மேல் கேஸ் வரப்போகிறது, தானும் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். அவர் பதில் நோட்டீஸ் அனுப்புவார், அதில் இல்லாததும் பொல்லாததும் வரும், அப்புறம் மாடிப்படியில் எதிரெதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். அட்வான்ஸ் எப்போது வரும், மார்ச் வாடகை கொடுக்க வேண்டுமா, கரண்ட் பில் யார் கட்டுவது, இது எதற்கும் அந்த நோட்டீஸில் பதில் இருக்காது. அதைத்தானே அவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார்?

நாலாவது வழி, சித்தப்பா பெயரிலேயே, நேரடித் தமிழில், தேதியும் காரணமும் குடித்தனக்காரருடைய உரிமையும் வெளிப்படையாகத் தெரிகிற மாதிரி ஒரு கடிதம். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினோம். பெயர், முகவரியை எடுத்துவிட்டு அப்படியே போடுகிறேன்:

"20.02.2026, வேலூர்.

அன்புள்ள சார்,

பொருள்: மாடி வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலாமை குறித்து.

நமது ஒப்பந்தம் 01.05.2024 அன்று தொடங்கி 30.04.2026 வியாழக்கிழமையோடு முடிகிறது. அதை நான் புதுப்பிக்கவில்லை என்பதை, ஒப்பந்தத்தில் கண்டபடி இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கிறேன். 30.04.2026 மாலைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் ஒன்றுதான். என் மகள் குடும்பத்தோடு வேலூருக்கு வருகிறாள். அவர்கள் குடியிருக்க இந்த வீடு தேவைப்படுகிறது. உங்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இன்று வரை வாடகை பாக்கி எதுவும் இல்லை.

மார்ச், ஏப்ரல் மாத வாடகையை வழக்கம் போலக் கொடுத்து வாருங்கள், நான் ரசீது தருகிறேன். அதை நான் வாங்கிக்கொள்வதால் இந்தக் கடிதம் ரத்தாகிவிட்டதாக ஆகாது. நீங்கள் குடியிருக்கும் கடைசி நாள் வரை தண்ணீர், மின்சாரம் உட்பட எந்த வசதியும் குறையாது.

நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 27,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது 30.04.2026 அன்று கொடுத்தால் 30.05.2026க்குள், உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுகிறேன். எதையாவது கழிக்க வேண்டியிருந்தால் என்னென்ன, எவ்வளவு என்று எழுதி, ரசீதைக் காட்டித்தான் கழிப்பேன். சுவருக்கு வெள்ளையடிக்கவும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கவும் எதுவும் பிடிக்கமாட்டேன். சாவி கொடுக்கும் நாளில் நாம் இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, மின் மீட்டர் அளவைக் குறித்துக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம்.

வீடு பார்க்க வருபவர்களை உங்கள் வீட்டுக்கு நான் அழைத்து வரப் போவதில்லை. வேறு எதற்காவது வர வேண்டியிருந்தால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பகலில் வருகிறேன்.

இந்த முடிவில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதித் தெரிவிக்கலாம், வாடகை அதிகாரியையும் அணுகலாம். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றும் உரிமை எனக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தேதியில் ஏதாவது சிரமம் இருந்தால் மார்ச் 15க்குள் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
(கையெழுத்து)"

இதைப் படித்துக் காட்டினதும் சித்தப்பாவுக்குக் கடைசிக்கு முந்தின வரிதான் உறுத்தியது. "இன்னாடா இது, நானே அவருக்கு வழி சொல்லிக் குடுக்கணுமா?" என்றார். நியாயமான கேள்விதான், கடைக்கு வருகிற எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பது. நான் சொன்னது இது. அந்த உரிமை நீங்கள் எழுதினாலும் இருக்கிறது, எழுதாவிட்டாலும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அவர் அதை வேறு யார் வாயிலாகவோ தெரிந்துகொள்வார், அப்போது நீங்கள் மறைத்ததாகத்தான் நினைப்பார். எழுதினால், இந்த ஆள் பூட்டு போட்டுவிடுவாரோ, சாமானைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவாரோ என்ற பயம் முதல் நாளே போய்விடும். பயந்த மனுஷன்தான் முரண்டு பிடிப்பான்.

அட்வான்ஸ் பத்தியில்தான் ரொம்ப நேரம் ஆனது, ஏனென்றால் காலி செய்யும்போது வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன. பணம் திரும்ப வருமா என்று சந்தேகம் வந்ததும் குடித்தனக்காரர் என்ன செய்வார்? கடைசி இரண்டு மூன்று மாச வாடகையைக் கொடுக்கமாட்டார், "அட்வான்ஸுல கழிச்சுக்குங்க" என்பார். வீட்டுக்காரர் கையில் ஈடு எதுவும் இல்லாமல் போகும், அவர் கோபத்தில் மோட்டாரை நிறுத்துவார், இப்படிப் போகும். சட்டமே காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது. அந்தத் தேதியை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் மார்ச் வாடகையை நிறுத்த ஒரு காரணமும் இல்லை. பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை பிடிக்கிற பழக்கம் வேலூரில் ஏகத்துக்கு உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல் பெயிண்டும் பெரிய குழாய் வேலையும் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சின்ன ரிப்பேர்தான் குடித்தனக்காரர் தலையில். எங்கள் ஒப்பந்தத்தில் பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆகவே பிடிக்க வழியில்லை என்று சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி எழுது என்றார்.

மீட்டர் அளவைக் குறிப்பது எதற்கு என்றால், நமக்குக் கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை. ஏப்ரல் 30ஆம் தேதி போனவருக்கு மே மாதம் ரீடிங் எடுக்கும்போது ஒரு பில் வரும், அதில் அவருடைய யூனிட் எத்தனை, நம்முடையது எத்தனை என்று பிரிக்க அன்றைய அளவு கையில் இருந்தால்தான் முடியும். அந்த நாளே போனில் ஒரு போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொண்டால் போதும்.

வாடகை வாங்குவதால் கடிதம் ரத்தாகாது என்ற வரியைச் சிலர் வெட்டிவிடுவார்கள், தேவையில்லாத வக்கீல் பாஷை என்று. அது தேவை. நோட்டீஸ் காலம் முடிகிற வரைக்கும் வாடகை வாங்குவதில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏப்ரல் 30 தாண்டியும் அவர் இருந்து, மே மாச வாடகையைச் சித்தப்பா எதுவும் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டு மறுபடி குடியிருக்க ஒப்புக்கொண்டதாக வாதம் வரும். 2017 சட்டத்திலும், காலம் முடிந்து புதுப்பிக்காமல் ஆளும் காலி செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனையில் மாசத்துக்கு மாசம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் வரை தொடர்வதாகக் கருதப்படும் என்று இருக்கிறது. அதனால் ஏப்ரலுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் எத்தனை நாள் என்று இன்னொரு சின்னக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் நகராவிட்டால்தான் வக்கீலிடம் போக வேண்டும், அப்போது இந்தக் கடிதமே அவருக்கு முதல் ஆதாரமாக இருக்கும்.

தேதியைப் பற்றி இன்னும் ஒன்று. எங்களுக்கு ஏப்ரல் 30 தானாக அமைந்தது, பரீட்சையும் முடிந்திருக்கும், மே முதல் வாரம் கத்தரி வெயில் தொடங்கும் முன் சாமான் ஏற்றி இறக்கியும் விடலாம், சித்திரை மாசம் என்பதால் புது வீட்டில் பால் காய்ச்சவும் தடையில்லை. உங்கள் ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில் முடிகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அது ஆடி. ஆடியில் பெரும்பாலான குடும்பங்கள் புது வீடு போகமாட்டார்கள், நீங்கள் ஜூலை 31 என்று போட்டாலும் அவர் ஆவணி வரை கேட்கத்தான் போகிறார். மார்கழியும் அப்படித்தான். முன்கூட்டியே ஆனி முடிவதற்குள்ளோ ஆவணி பிறந்த பிறகோ ஒரு தேதியை இருவரும் பேசி எழுதிக்கொண்டால், கடைசி வாரத்தில் இழுபறி இருக்காது.

கொடுத்த விதம். முதலில் சித்தப்பாவும் சித்தியும் மாடிக்குப் போய், உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார்கள். அப்புறம்தான் கடிதம். இரண்டு பிரதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன், இதனால் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டதாக ஆகாது" என்று எழுதித் தேதியோடு அவர் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பின்பாதி வாசகம் இருந்தால் கையெழுத்துப் போட யாரும் தயங்கமாட்டார்கள். மறுநாள் ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பினோம், பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலேயே அதோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தபால் எதற்கு, கையில்தான் கொடுத்தாயிற்றே என்று கேட்கலாம். நாள் கணக்கு நோட்டீஸ் கிடைத்த தேதியில் இருந்து ஓடும், எழுதின தேதியில் இருந்து இல்லை, ஆகவே கிடைத்ததற்கு இரண்டு சாட்சி இருப்பது நல்லது. எங்களுக்கு பிப்ரவரி 28க்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும், தபால் திங்கட்கிழமை 23ஆம் தேதியே போய்விட்டது. ஆள் வாங்க மறுத்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாரிடமாவது கொடுக்கலாம், அதுவும் முடியாதபோது கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம் என்று 106ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்த எடுப்பில் கதவில் ஒட்டுவது மட்டும் வேண்டாம், தெருவே படிக்கும்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு எல்லை உண்டு. எங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது, பதிவாகியிருந்தது, காலமும் முடிகிறது, காரணமும் உண்மை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் பத்து வருஷமாக வாய்ப்பேச்சில் ஓடுகிற வீடு, கடை வாடகை, அண்ணன் தம்பி பேரில் பாகம் பிரிக்காமல் கிடக்கிற சொத்து, இதற்கெல்லாம் இதைப் பார்த்து எழுதாதீர்கள், அங்கே முதலில் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுவதுதான் நல்லது. காரணம் பொய்யாக இருந்தாலும் எழுத வேண்டாம். மகள் வருகிறாள் என்று எழுதிவிட்டு இரண்டு மாசத்தில் 13,000 வாடகைக்கு வேறு ஆளைக் குடி வைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். போனவர் அதே தெருவில்தான் வீடு பார்த்திருப்பார், அவர் கண்ணில் படாமலா போகும்?

மாடிக் குடித்தனக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. அட்வான்ஸ் தேதியை விரலால் தொட்டுக் காட்டி, "இது உறுதிதானே சார்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அப்புறம் ஒன்று கேட்டார், அதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை: வேலப்பாடி பக்கம் ஒரு வீடு வாய்க்கும் போல இருக்கிறது, ஏப்ரல் நடுவிலேயே கிடைத்துவிட்டால் நான் போய்விடலாமா, அப்படிப் போனால் முழு மாச வாடகையும் கொடுக்க வேண்டுமா என்று. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்ட யாரிடம் பணம் இருக்கிறது? வீடு கிடைத்ததும் முன்னாலேயே அவர் போனால் நமக்கும் சுண்ணாம்பு அடிக்க நாள் கிடைக்கும் என்று சித்தி சொல்ல, சித்தப்பா அன்றைக்கு ராத்திரியே என்னைக் கூப்பிட்டு இரண்டு பிரதியிலும் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார், இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள். அந்த வரி இது:

"30.04.2026க்கு முன்பே காலி செய்ய விரும்பினால் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். குடியிருந்த நாட்களுக்கு மட்டும், நாளுக்கு 300 ரூபாய் வீதம் வாடகை கணக்கிடப்படும். அட்வான்ஸ் திருப்பித் தரும் ஒரு மாதமும் அந்த நாளிலிருந்தே தொடங்கும்."